பொம்மிக்கு ஓர் இரங்கற்பா: எட்டு வயதுக் குழந்தை வாசிப்பதற்கு

"எங்கள் பொம்மி நேற்று இரவு இறந்துவிட்டது. 2015 வெள்ளத்தின்போது குட்டியாக எங்கள் வீட்டுப் படியேறி வந்த நாய். இன்று ஞாயிறு, மாலை 5 மணிக்கு மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் தென்னை மரத்தடியில் புதைக்கிறோம். எட்டு வயது மகள் தானே ஏதாவது வாசிப்பேன் என்கிறாள். நான் எழுதிய தொடக்கம்: 'நன்றியின் வடிவே, நாய்க்குலத் திலகமே, காலனின் கரங்களில் கலந்திட்ட கண்மணியே.' இதைப் படித்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி வேன் வந்தால் பொம்மி கேட்டுக்கு ஓடும், தயிர்ச்சோறு பிடிக்கும், கேரட்டை மட்டும் தட்டுக்கு வெளியே தள்ளிவிடும், பட்டாசுக்குப் பயம். இதை வைத்து எப்படி எழுதுவது?"

உங்களுக்கு வேண்டிய இரங்கற்பா அந்த கேரட்டில்தான் இருக்கிறது. நீங்கள் அதைக் கேள்வியின் ஓரத்தில், பொம்மி தட்டின் ஓரத்தில் தள்ளியதைப் போலவே தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறு வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்தவன். குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லும் பாட்டு எங்கே ஓடும், எங்கே இடறும் என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அந்த அளவில் நான் சொல்வதை நம்பலாம். குழந்தையின் துயரம் எப்படி ஆறும் என்பது என் துறை அன்று. அதைத் தொட்டு நான் சொல்வதை ஒரு பழைய வாத்தியாரின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வரிகளைப் பார்ப்போம். மோனை குறையில்லாமல் இருக்கிறது: நன்றி, நாய், காலன், கரங்கள், கலந்திட்ட, கண்மணி. குறை வேறிடத்தில். இதில் பொம்மி இல்லை. பக்கத்துத் தெரு டைகருக்கும், மாடி வீட்டுப் பொமரேனியனுக்கும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் இதைப் படித்துவிடலாம். அடுத்து, எட்டு வயதுக் குழந்தைக்குக் காலன் யாரென்று தெரியாது. தெரியாத சொல்லை அழுதுகொண்டே வாசிக்கச் சொன்னால் அவள் அழுகையை நிறுத்திவிட்டு எழுத்துக்கூட்டத் தொடங்குவாள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு நாய் இறந்தபோது, அக்காள் மகன் வாசிக்கட்டும் என்று ஆசிரிய விருத்தத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. குழியைச் சுற்றி எல்லோரும் நிற்க, இரண்டாம் அடியில் நிறுத்தி, "மாமா, நினைந்துருகி என்றால் என்ன?" என்று கேட்டான். நான் பொருள் சொன்னேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அங்கே நடந்தது தமிழ் வகுப்பு.

நம் மொழியில் இரங்கல் என்றவுடன் கையறுநிலை, ஒப்பாரி, சரமகவி என்று பெரிய பெரிய பெயர்கள் நினைவுக்கு வரும். உடனே கை தானாகவே கனத்த சொற்களைத் தேடும். ஆனால் தமிழின் மிகப் பழைய கையறுநிலைப் பாட்டுகளில் ஒன்று வெறும் ஐந்து அடி. புறநானூற்றில் 112ஆம் பாட்டு. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதாக மரபு சொல்கிறது. அதன் கட்டுமானம் ஒரு குழந்தைகூடப் போடக்கூடியது. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றையும் கொண்டுவிட்டார்கள், அப்பாவும் இல்லை. நிலவு மட்டும் மாறவில்லை. மாறாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு அதன் அருகில் முன்பு இருந்ததையும் இப்போது இல்லாததையும் நிறுத்திவிட்டால் துக்கம் தானாக வந்து நிற்கிறது. 'ஐயோ' என்ற சொல்லே அதற்குத் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டில் அந்த நிலவு எது? கேட். வேன் நாளை மாலையும் வரும், கேட்டும் அங்கேயே இருக்கும். ஆகவே பாட்டின் நடுவில் கேட்டை ஒருமுறை காட்டிவிட்டு, முடிவில் மறுபடியும் காட்டினால் போதும்.

நாய்க்கென்றே ஒரு முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; ஏழாம் நூற்றாண்டு. மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்த வீரனின் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயைப் பற்றிக் கல் சொல்வது இவ்வளவே: அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. நன்றியுள்ளது, அன்பானது என்று ஓர் அடைமொழியும் கிடையாது. பெயரும் செய்த செயலும் மட்டும். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் கோவிவனை வேறொரு நாயோடு நம்மால் குழப்பிக்கொள்ள முடியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். பொம்மி யாரையும் கடித்துக் காத்து நிற்கவில்லை. கேரட்டைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு அது போதும்.

'அவள்' என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் 'அது' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் எப்படிச் சொல்கிறாள் என்று கேட்டுப்பாருங்கள். நாய் அஃறிணை என்பதால் 'அது' என்றுதான் எழுத வேண்டுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். உவப்பினால் திணை மாற்றிச் சொல்வதை நன்னூலே ஒப்புக்கொள்கிறது; ஒரு பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பதுதான் ஆசிரியர்கள் வழிவழியாகக் காட்டும் உதாரணம். இருந்தாலும் இந்தப் பாட்டில் இந்தக் கேள்வியே எழாமல் செய்துவிடலாம். பொம்மியை 'நீ' என்று நேரே கூப்பிட்டுப் பேசவிடுங்கள். 'நீ'க்குத் திணை வேறுபாடு கிடையாது. அதோடு வருவாய், தின்பாய், கொள்வாய் என்று வினைமுற்றுகள் எல்லாம் ஒரே ஓசையில் முடியும். இயைபைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. குழந்தைக்கும் அது எளிது. நேற்றுவரை அவள் பொம்மியிடம் அப்படித்தானே பேசினாள்?

அடியின் நீளம் அடுத்தது. அழும் குழந்தைக்கு மூச்சு துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு மூச்சில் நாலு சீருக்கு மேல் தாங்காது. ஐந்தாவது சீரில் குரல் உடையும். உடைந்த குரல் அடியின் முடிவில் உடைந்தால் பாதகமில்லை, அது நின்றுகொள்ள இடம் இருக்கிறது. நடுவில் உடைந்தால் அவளுக்கு எங்கே விட்டோம் என்று தெரியாது. ஆகவே ஒவ்வோர் அடியும் நாலு சீர், ஓர் அடியில் ஒரு செய்தி. யாப்பிலக்கணப்படி தளை பார்க்கவில்லை. கைதட்டிச் சொன்னால் நாலு தட்டு விழ வேண்டும், அவ்வளவே என் கணக்கு. இருபது அடி போதும். அவள் நின்று நின்று வாசித்தாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி, எல்லோரும் தயங்கும் சொல். 'தூங்கிவிட்டாய்' என்று எழுதாதீர்கள். குழந்தைகளிடம் சாவைத் தூக்கம் என்று சொல்லக்கூடாது என்பதில் மனநல மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சில குழந்தைகள் அதன்பின் தூங்கவே பயப்படுகிறார்கள். கடைசியில் கால்நடை மருத்துவர் ஊசி போட்டிருந்தால் 'ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள்' என்ற பேச்சு இன்னும் மோசம்; அடுத்த தடுப்பூசிக்கு அவளை யார் அழைத்துப்போவது? எட்டு வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது தெரியும். 'இறந்து போனாய்' என்று ஒரே ஒருமுறை, தெளிவாக, பாட்டின் பாதியைத் தாண்டியபின் வரட்டும். சாமியிடம் போனாள் என்று சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை. சேர்த்தால் அது இறந்து போனாய் என்பதற்குப் பக்கத்தில் நிற்கட்டும், அதற்குப் பதிலாக நிற்க வேண்டாம். இறந்த செல்லப்பிராணிகள் வானவில் பாலத்தருகே காத்திருக்கும் என்று ஆங்கில இரங்கல் அட்டைகளில் வருவதை மட்டும் தமிழில் இறக்காதீர்கள். உங்கள் மகள் அந்தப் பாலம் எங்கே இருக்கிறது என்று கேட்பாள், உங்களிடம் பதில் இருக்காது.

நீங்கள் தந்த செய்திகளை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது.

பொம்மி, பொம்மி, எங்கள் பொம்மி,
மழையில் நனைந்து படியில் வந்தாய்.
நான் பிறக்கும் முன்னே வந்தாய்.
நான் நடக்க, நீயும் நடந்தாய்.

பள்ளி வேன் சத்தம் கேட்டால்
கேட்டின் பக்கம் ஓடி வருவாய்.
பையை நானும் இறக்கும் முன்னே
கையை நக்கிப் பார்த்து விடுவாய்.

தயிர்ச் சோறு தந்தால் தின்பாய்.
கேரட் மட்டும் தள்ளி வைப்பாய்.
பட்டாசு வெடித்தால் பயந்து போய்க்
கட்டில் அடியில் ஒளிந்து கொள்வாய்.

நேற்று இரவு இறந்து போனாய்.
கூப்பிட்டுப் பார்த்தேன். நீ வரவில்லை.
வாலும் ஆடவில்லை. காதும் ஆடவில்லை.
அம்மா அழுதாள். நானும் அழுதேன்.

தென்னை மரத்தின் அடியில் உன்னை
மண்ணில் வைத்தோம். பூவும் வைத்தோம்.
நாளை மாலை வேனும் வரும்.
கேட்டைத் திறப்பேன். நீ இருக்கமாட்டாய்.

பொம்மி, பொம்மி, எங்கள் பொம்மி.

சில இடங்களை ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், மாற்றும்போது உதவும். வெள்ளத்தில் குட்டி வந்த கதை உங்களுடையது, மகளுடையது அன்று. அப்போது அவள் பிறக்கவில்லை. அந்த டிசம்பர் மாதத்தை நினைத்தால் உங்களுக்கு எழுத எவ்வளவோ இருக்கும்; தெருவில் படகு வந்ததுகூட நினைவுக்கு வரும். அதை வேறொரு நாள் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஓர் அடி போதும், அதுவும் 'நான் பிறக்கும் முன்னே' என்று அவள் பக்கத்திலிருந்து. தனக்கு முந்தியே அந்த வீட்டில் இருந்த ஒருத்தியை அவள் இழந்திருக்கிறாள். 'நான் நடக்க, நீயும் நடந்தாய்' என்பதும், கையை நக்கியது, கட்டிலடியில் ஒளிந்தது, கூப்பிட்டும் வராதது, அம்மா அழுதது, பூ வைத்தது ஆகியவையும் நான் ஊகித்துச் சேர்த்தவை. இவற்றில் எது உங்கள் வீட்டில் நடக்கவில்லையோ அதை அடித்துவிடுங்கள்.

கேட்டால், கேட்டின், பையை, கையை, பட்டாசு, கட்டில், தென்னை, உன்னை என்று எதுகை சில இடங்களில் விழுந்திருக்கிறது. விழாத இடங்களில் நான் வலிந்து தேடவில்லை. குறிப்பாக நான்காம் பத்தியில் எதுகையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முதல் மூன்று பத்திகள் ஏறக்குறைய விளையாட்டுப் பாட்டின் ஓசையில் ஓடுகின்றன, அவள் அதில் சிரிக்கவும் கூடும். நான்காவதில் சொற்கள் நின்று நின்று விழ வேண்டும். வருவாய், விடுவாய், வைப்பாய், கொள்வாய் என்று வந்த முடிவுகள் அங்கே 'வரவில்லை, ஆடவில்லை' என்று மாறுவதைக் காது கேட்டுக்கொள்ளும். கைதட்டிப் பார்த்தால் 'வாலும் ஆடவில்லை' அடி மற்றவற்றைவிடக் கனமாக இருக்கும். அதை இலேசாக்க முயலாதீர்கள்.

பட்டாசு அடியில் 'போய்க்' என்று ஒற்று மிகுவதைக் குழந்தை கையில் கொடுக்கும் தாளில் 'போய்' என்றே எழுதிவிடலாம். இலக்கணம் தெரிந்த பெரியவர் யாரேனும் குழியருகில் நின்று அதைத் திருத்துவார் என்றால் அவரை அழைக்காமல் இருப்பது நல்லது.

கடைசி அடியைத் தனியே விட்டதற்குக் காரணம் உண்டு. அதை எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். 'நீ இருக்கமாட்டாய்' என்று முடிக்கும்போது அவள் குரல் நின்றுபோக வாய்ப்பு அதிகம்; அந்த நிசப்தத்தில் அவளைத் தனியே நிற்கவிடக்கூடாது. நீங்களும் அம்மாவும் உடனே பொம்மியின் பெயரைத் தொடங்கிவிடுங்கள். நடுவில் எங்கே நின்றுபோனாலும் இதே அடிக்குத் தாவிவிடலாம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இப்படி ஒரு வெளிவாசல் இருக்கிறது என்று தெரிந்த குழந்தைகள் பெரும்பாலும் முழுவதும் வாசித்துவிடுவார்கள். இது என் வகுப்பறை அனுபவம், எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கடைசி நிமிடத்தில் அவள் வேண்டாம் என்றால் தாளை வாங்கி நீங்கள் வாசியுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

நேரம் குறைவு என்பதால் மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலைவரை பொம்மியை நிழலில், தரையில், துணி சுற்றி, சுற்றிலும் ஐஸ் வைத்து வையுங்கள். சென்னை வெயிலில் இது அவசியம். குழி மூன்று அடிக்குக் குறையாமல், முடிந்தால் நாலு அடி இருக்கட்டும். ஆழம் போதாவிட்டால் தெருநாய்கள் தோண்டிவிடும். கிணற்றுக்கும் போர் குழாய்க்கும் அருகில் வேண்டாம். உங்கள் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழி தோண்டும்போதே நீர் ஊறினால் இடத்தை மாற்றுங்கள். பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக் உறை வேண்டாம். இதையெல்லாம் மகள் வருவதற்கு முன் முடித்து, பொம்மியைக் குழியில் இறக்கிப் பூவும் வைத்தபின் அவள் வாசிக்கட்டும். 'மண்ணில் வைத்தோம்' என்ற அடி அப்போதுதான் உண்மையாகும். மண் தள்ளுவது அதற்குப் பின்.

தாளில் பெரிய எழுத்தில், பத்திகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு, அவள் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஐந்து மணிக்குள் மூன்று முறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். முதல் முறை எங்கே இடறுகிறாளோ அந்தச் சொல்லில்தான் கோளாறு, அவளிடம் இல்லை. அவள் அந்த இடத்தில் இயல்பாக என்ன சொல்வாளோ அதைப் போட்டுவிடுங்கள். 'ஒளிந்து கொள்வாய்' அவள் வாயில் வராமல் 'பதுங்கிக் கொள்வாய்' வந்தால் அதுவே சரி. கேரட் அடியில் சிரித்தால் சிரிக்கட்டும். 'அப்பா, கேரட் இல்லை, பீன்ஸ்' என்று அவள் திருத்தினால் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுங்கள். 'பீன்ஸ் மட்டும் தள்ளி வைப்பாய்' என்றாலும் சீர் நாலுதான்.